உங்கள் எண் யார் கைபேசியில் இருக்கிறது?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் மளிகையும் பூஜைச் சாமானும் விற்கிறோம். சமோசா, முறுக்கும் ஆர்டரின்பேரில் செய்து தருவோம். பில் புத்தகத்திலிருந்தும் கோயில் அன்னதானப் பட்டியலிலிருந்தும் 410 எண்கள் எடுத்து, முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் போட்டேன். இரண்டே நாளில் பாதிப் பேர் வெளியேறிவிட்டார்கள். பிறகு பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு 256 பேருக்கு அனுப்பினேன். பதில் போட்டது ஒன்பது பேர். அதிலும் ஒரு அக்கா, "புரட்டாசி மாசத்துல கோழி சமோசா விளம்பரமா?" என்று திட்டிவிட்டார். யாருக்கும் எரிச்சல் வராமல் சலுகைகளை அனுப்ப என்ன வழி?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: முதலில் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். அந்தப் பிராட்காஸ்ட் செய்தியை அழுத்திப் பிடித்து, மேலே வரும் பட்டியலில் Info என்பதைத் தட்டுங்கள். யார் படித்தார்கள், யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பெயர்களோடு காட்டும். 256 பெயர்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு வரிசையிலும் இருக்காது என்பது என் கணிப்பு. காரணம், பிராட்காஸ்ட் லிஸ்ட்டுக்கு ஒரு விதி உண்டு. உங்கள் எண்ணைத் தம் கைபேசியின் தொடர்புப் பட்டியலில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். நீங்கள் அவர் எண்ணைச் சேமித்திருப்பது போதாது, அவரும் உங்களுடையதைச் சேமித்திருக்க வேண்டும். சேமிக்காதவருக்கு நீங்கள் அனுப்பியது உங்கள் திரையில் ஒற்றை டிக்கோடு நின்றுவிடும். அவருக்கு அப்படி ஒரு செய்தி வந்ததே தெரியாது.

ஒற்றை டிக் என்றால் எப்போதும் இதுதான் காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கைபேசி அணைந்திருக்கலாம், டேட்டா தீர்ந்திருக்கலாம், உங்களைப் பிளாக் செய்தும் இருக்கலாம். பிரித்தறிய இரண்டு நாள் பொறுத்து, அவருடைய தனி உரையாடலைத் திறந்து பாருங்கள். அதற்குப் பின் ஆர்டர் பற்றி நீங்கள் அனுப்பிய சாதாரணச் செய்திக்கு இரட்டை டிக் விழுந்து, பிராட்காஸ்ட்டுக்கு மட்டும் ஒற்றை டிக் நின்றால், அவர் உங்கள் எண்ணைச் சேமிக்கவில்லை. எல்லாமே ஒற்றை டிக்காக வாரக்கணக்கில் நின்றால் அவரை விட்டுவிடுங்கள்.

ஆகவே உங்கள் கையில் இருப்பது 410 பேர் கொண்ட பட்டியல் இல்லை, 410 எண்கள். அதைப் பட்டியலாக்கும் வேலை கல்லாவில்தான் நடக்க வேண்டும். கைபேசியில் உட்கார்ந்து செய்ய முடியாது.

அதற்கு முன், அந்த எண்கள் வந்த வழியைப் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், எல்லோரும் சொல்கிற பெயரில் போப்பியா, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அதன் 69-ஆவது பிரிவு மின்னணு வழியில் வரும் விளம்பரத்தைப் பற்றியது. உங்களிடம் பொருள் வாங்கும்போது எண் கொடுத்தவருக்கு, அதே மாதிரியான உங்கள் பொருள்களைப் பற்றி நீங்கள் எழுதலாம். ஆனால் எண் வாங்கும்போதே "வேண்டாம்" என்று சொல்ல வாய்ப்புத் தந்திருக்க வேண்டும். பிறகு அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும், செலவில்லாமல் சுலபமாக மறுக்க வழி வைக்க வேண்டும். மற்றவர்களிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும். அந்தச் சம்மதத்தைக் கேட்பதும் ஒரே ஒரு முறைதான்.

அதனால் கோயில் அன்னதானப் பட்டியலிலிருந்து எடுத்த எண்களை இன்றே தனியே பிரித்துவிடுங்கள். அவர்கள் எண் கொடுத்தது சாமி காரியத்துக்கு, உங்கள் கடைக்கு இல்லை. அவர்களில் யாராவது கடைக்கு வந்தால் நேரில் கேட்டுக்கொள்ளலாம். வராதவருக்கு எழுத வேண்டாம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், "கோயிலில் கொடுத்த என் நம்பர் கடைக்கு எப்படிப் போச்சு?" என்று ஒருவர் கேட்டால் அந்தப் பேச்சு சாட்ஸ்வொர்த் முழுக்கச் சுற்றிவரும். பில் புத்தகத்து எண்களை வைத்துக்கொள்ளலாம். ஆனால் எண் வாங்கியபோது நீங்கள் ஒன்றும் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். எனவே அவர்களையும் அடுத்த முறை வரும்போது கேட்டுவிட்டே சேர்த்துக்கொள்ளுங்கள்.

குரூப்பையும் மூடிவிடுங்கள். குரூப்பில் இருக்கும் எல்லோருக்கும் மற்ற எல்லோருடைய எண்ணும் தெரியும். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போனதற்கு உங்கள் விளம்பரத்தை விட அதுவே பெரிய காரணமாக இருக்கும். ஒருவர் "சரி" என்று போட்டால் மற்ற எல்லோர் கைபேசியும் சத்தம் போடுவது இன்னொன்று. மூடும்போது நீங்கள் மட்டும் வெளியேறிவிடாதீர்கள். ஒரே அட்மின் வெளியேறினால் மீதி இருப்பவர்களில் ஒருவர் தானாக அட்மின் ஆகிவிடுவார், உங்கள் கடைப் பெயரில் யாரோ நடத்தும் குரூப்பாக அது தொடரும். கடைசியாக ஒரு வரி எழுதி, எல்லோரையும் ஒவ்வொருவராக நீக்கிய பிறகு வெளியேறுங்கள்.

இனி கல்லாவுக்கு வருவோம். கடைக்கென்று வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை வைத்துக்கொள்ளுங்கள். காசு கிடையாது. வீட்டு எண்ணிலேயே கடையையும் நடத்தினால், இரவு பதினோரு மணிக்குக் "கற்பூரம் இருக்கா?" என்று கேட்பவருக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பிசினஸ் செயலியில் Business tools பகுதிக்குள் Short link என்று ஒன்று இருக்கிறது. அதில் உங்கள் கடைக்கான இணைப்பும் கியூஆர் படமும் கிடைக்கும். இணைப்பை நீங்களே எழுதவும் செய்யலாம்:

```
https://wa.me/27XXXXXXXXX?text=VEG
```

எண்ணின் முதலில் வரும் பூஜ்யத்தை எடுத்துவிட்டு 27 சேர்க்க வேண்டும். கூட்டல் குறியோ இடைவெளியோ வேண்டாம். பூஜ்யத்தை விட்டுவைத்தால் இணைப்பு வேலை செய்யாது. பலர் தவறுவது இந்த இடத்தில்தான். கடைசியில் இருக்கும் VEG என்பது வாடிக்கையாளரின் தட்டச்சுப் பெட்டியில் தானாக விழும் சொல். அவர் அனுப்பு பொத்தானை அழுத்தினால் போதும்.

இப்படி மூன்று கியூஆர் படங்கள் அச்சடித்துக் கல்லாவில் ஒட்டுங்கள்: சைவமும் விரதச் சாமானும் வேண்டுபவருக்கு VEG, பூஜைப் பொருள்களுக்கு POOJA, சமோசா முதலிய அசைவப் பலகாரத்துக்கு MEAT. ஒவ்வொன்றின் கீழும் என்ன வரும், மாதம் எத்தனை முறை வரும், எப்படி நிறுத்தலாம் என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். "மாதம் இரண்டு செய்தி. வேண்டாம் என்றால் STOP போடுங்கள்" என்ற வரி அங்கேயே இருக்கட்டும். வாடிக்கையாளர் தாமாக முதல் செய்தி அனுப்புவதால் சம்மதமும் கிடைத்தது. தேதியும் அவர் அனுப்பிய சொல்லும் உங்கள் கைபேசியிலேயே பதிவாகிவிட்டன. நாளை யாராவது கேட்டால் காட்டலாம், அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் அவர் உங்கள் எண்ணைச் சேமித்திருக்க மாட்டார். அதற்கு Greeting message வசதியைப் பயன்படுத்துங்கள். முதல்முறை எழுதுபவருக்குத் தானாகப் போகும் பதில் அது. அதில் "நன்றி. இந்த எண்ணைக் கடைப் பெயரில் சேமித்துக்கொண்டால்தான் சலுகைச் செய்தி உங்களுக்கு வரும்" என்று எழுதி வையுங்கள். அவர் கல்லாவில் நிற்கும்போதே, "இப்பவே சேவ் பண்ணிடுங்க, இல்லேன்னா வராது" என்று வாயாலும் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு நீங்களே கைபேசியை வாங்கிச் செய்து கொடுக்கலாம், அவர் கேட்டுக்கொண்டால். கேட்காமல் வாங்கித் தட்ட வேண்டாம்.

நீங்கள் அவர் எண்ணைச் சேமிக்கும்போது பெயருக்கு முன்னால் ஒரு குறி போடுங்கள். V, P, M என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் வேண்டுபவர் VP. பிராட்காஸ்ட் லிஸ்ட் உருவாக்கும்போது பெயர்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். பெயர்கள் அகர வரிசையில் வருவதால் V-க்காரர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். ஆண்ட்ராய்டில் உரையாடல் திரையின் மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டினால் New broadcast வரும். ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். அந்த வரம்பை நிரப்ப வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எண்பது, தொண்ணூறு பேர் கொண்ட மூன்று பட்டியல்கள், 256 பேர் கொண்ட ஒன்றைவிட உங்களுக்கு அதிகம் விற்றுத்தரும்.

அந்த அக்கா திட்டியதற்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது. கோழி சமோசாவில் குற்றமில்லை, அது போய்ச் சேர்ந்த ஆளும் மாதமும்தான் தப்பு. டர்பனில் புரட்டாசி முழுவதும் கவிச்சியைத் தொடாத வீடுகள் ஏராளம். M பட்டியலில் இருப்பவர்களிலும் பாதிப் பேர் அந்த மாதம் விரதமாக இருப்பார்கள். ஆகவே செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை M பட்டியலுக்கு ஒன்றுமே அனுப்பாதீர்கள். ஆர்டர் கேட்பவருக்குச் செய்து கொடுங்கள், விளம்பரம் மட்டும் வேண்டாம்.

அந்த மாதம் முழுக்க V பட்டியலுக்கும் P பட்டியலுக்கும் உரியது. ஒரு சலுகையை முழுதாக எடுத்துப் பார்க்கலாம். மாவிளக்குப் பொட்டலம் ஒன்று கட்டுகிறீர்கள்: பச்சரிசி மாவு 1 கிலோ, வெல்லம் 500 கிராம், நல்லெண்ணெய் 500 மில்லி, திரி ஒரு பாக்கெட், கற்பூரம் ஒரு டப்பா. தனித்தனியே வாங்கினால் 215 ராண்ட், பொட்டலமாக 185 என்று வைத்துக்கொள்வோம். கட்டி வைத்திருப்பது 40 பொட்டலம். P பட்டியலில் 96 பேர் இருக்கிறார்கள்.

செய்தி இவ்வளவு போதும்:

"வணக்கம். புரட்டாசிச் சனிக்கு மாவிளக்குப் பொட்டலம் தயார்: பச்சரிசி மாவு 1 கிலோ, வெல்லம் 500 கிராம், நல்லெண்ணெய் 500 மில்லி, திரி, கற்பூரம். 185 ராண்ட். மொத்தம் 40 இருக்கிறது. வேண்டுமானால் எத்தனை என்று எண் மட்டும் போடுங்கள், வெள்ளி மாலை 6 வரை எடுத்துவைப்போம். செய்தி வேண்டாமென்றால் STOP."

தமிழ் வாசிக்கத் தெரியாத வாடிக்கையாளர்கள் உங்களுக்கு நிறைய இருப்பார்கள், அவர்களுக்கு இதையே ஆங்கிலத்தில் அனுப்புங்கள். ஒரே செய்தியில் இரண்டு மொழியையும் திணித்தால் நீளமாகி யாரும் படிக்க மாட்டார்கள். பட்டியலையே மொழிவாரியாக இரண்டாக்குவது மேல்.

படம் வைத்தால் ஒன்றே ஒன்று, பொட்டலத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்தது. விலையையும் விவரத்தையும் படத்துக்குள் எழுதாதீர்கள், படத்தோடு வரும் எழுத்தில் கொடுங்கள். முன்கட்டண டேட்டா வைத்திருக்கும் பலர் படம் தானாக இறங்குவதை நிறுத்தி வைத்திருப்பார்கள். அவர்களுக்கு உங்கள் படம் மங்கலான ஒரு கட்டமாகத்தான் தெரியும், கீழே உள்ள எழுத்து மட்டும் படிக்கும்படி இருக்கும். வீடியோ வேண்டவே வேண்டாம். அடுத்தவர் காசில் உங்கள் விளம்பரத்தை ஓட்டுவது போல அது.

எப்போது அனுப்புவது? சனிக்கிழமை விசேஷம் என்பதால் சனி காலையில் அனுப்பத் தோன்றும். அதற்குள் எல்லோரும் வாங்கி முடித்திருப்பார்கள். வியாழன் மாலை ஐந்திலிருந்து ஆறரைக்குள் அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் எடுத்துக்கொள்வார்கள். இங்குள்ள நுகர்வோர் பாதுகாப்பு விதிகளிலும் நேரக் கணக்கு உண்டு. வாடிக்கையாளர் தாமாக ஒத்துக்கொள்ளாதவரை, ஞாயிறும் பொது விடுமுறையும் கூடாது, சனிக்கிழமை காலை 9 முதல் பகல் 1 வரை மட்டும், மற்ற நாள்களில் இரவு 8 முதல் காலை 8 வரை கூடாது. புரட்டாசிக்குள் வரும் பாரம்பரிய தினமான செப்டம்பர் 24-ஐ மறந்துவிடாதீர்கள், அன்று பொது விடுமுறை. அது வியாழனில் விழுந்தால் செய்தியைப் புதன் மாலைக்கு மாற்றுங்கள்.

அனுப்பும்போது 96 பேருக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டாம். P பட்டியலை 48, 48 என்று இரண்டாக வைத்துக்கொண்டு முதல் பாதிக்கு அனுப்புங்கள். பிராட்காஸ்ட்டுக்கு வரும் பதில் ஒவ்வொன்றும் தனி உரையாடலாக வந்து விழும். அனுப்பிய அடுத்த ஒரு மணி நேரம் ஒருவர் கைபேசியோடு உட்கார்ந்தே ஆக வேண்டும். முதல் பாதியில் பதினைந்து பேர் 22 பொட்டலம் கேட்டுவிட்டால் மீதி 18 என்று தெரிந்துவிடும். இரண்டாம் பாதிக்கு எண்ணிக்கையைத் திருத்தி வெள்ளி காலை எட்டரைக்கு அனுப்பலாம். முப்பது பேருக்கு "தீர்ந்துவிட்டது, மன்னிக்கவும்" என்று பதில் போடுவதைவிடப் பெரிய எரிச்சல் வேறு கிடையாது. விளம்பரம் வந்ததைக்கூட மன்னிப்பார்கள், கேட்டும் பதில் வராததை மன்னிக்க மாட்டார்கள். அடுத்த மாதம் இரண்டாம் பாதிக்கு முதலில் அனுப்புங்கள், ஒரே ஆட்களுக்கு எப்போதும் மிச்சம் போகக் கூடாது.

"எடுத்துவைத்திருக்கிறோம், வெள்ளி மாலை 6 வரை" என்ற பதிலை Quick replies பகுதியில் ஒருமுறை எழுதிச் சேமித்துவிட்டால், சாய்கோட்டைத் தட்டியதும் வரும். இதனால் ஒரு மணி நேர வேலை இருபது நிமிடத்தில் முடியும்.

STOP வருவது பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான கடைகள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. குரூப்பிலிருந்து ஒருவர் தாமே வெளியேறலாம். பிராட்காஸ்ட் லிஸ்ட்டிலிருந்து முடியாது. தாம் அதில் இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது, நீங்கள் மட்டுமே நீக்க முடியும். நீங்கள் நீக்காவிட்டால் அவருக்கு மிஞ்சும் வழி உங்களைப் பிளாக் செய்வதும் ரிப்போர்ட் செய்வதும்தான். கொஞ்ச நாளில் பலர் ரிப்போர்ட் செய்தால் வாட்ஸ்அப் உங்கள் கணக்கையே முடக்கிவிடும். அப்போது ஆர்டர் எடுக்கும் எண்ணும் சேர்ந்து போய்விடும். ஒரே தட்டில் ஆயிரம் பேருக்கு அனுப்பித் தருவதாக விற்கும் வெளிச் செயலிகளைத் தொடாதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான். கணக்கு முடக்கப்படுவதற்கு அவை குறுக்கு வழி.

STOP வந்த அன்றே "நீக்கிவிட்டோம், நன்றி" என்று ஒரு வரி போடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். பிறகு அவர் பெயர் இருக்கும் எல்லா லிஸ்ட்டிலிருந்தும் நீக்குங்கள். VP என்று குறித்தவர் இரண்டு பட்டியலில் இருப்பார், ஒன்றில் மட்டும் நீக்கினால் அடுத்த வாரம் மற்றதிலிருந்து செய்தி போய் நிற்கும். அதன் பின் அவர் எண்ணை அழித்துவிடாதீர்கள். அழித்தால் நாலு மாதம் கழித்து உங்கள் உதவியாளர் பில் புத்தகத்தைப் பார்த்து மறுபடி சேர்த்துவிடுவார். பெயருக்கு முன்னால் X போட்டு வைத்துக்கொள்ளுங்கள், X இருந்தால் எந்தப் பட்டியலிலும் சேர்க்கக் கூடாது என்பது கடை விதி. STOP என்ற சொல்லுக்காகவும் காத்திருக்க வேண்டாம். "இப்போதைக்கு வேண்டாம்மா" என்று எழுதினாலும், கட்டைவிரலைக் கீழே காட்டினாலும், அது STOP-தான்.

எத்தனை முறை என்பதற்கு என் கணக்கு: சாதாரண மாதத்தில் ஒரு பட்டியலுக்கு இரண்டு, புரட்டாசியிலும் தீபாவளிக்கு முந்தின மூன்று வாரத்திலும் வாரம் ஒன்று. VP-காரருக்கு ஒரே வாரத்தில் இரண்டு பட்டியலிலிருந்தும் வராதபடி, சாதாரண மாதத்தில் ஒரு வாரம் V, அடுத்த வாரம் P என்று மாற்றி அனுப்புங்கள். கல்லாவில் மாதம் இரண்டு என்று எழுதி ஒட்டியிருப்பதால், விசேஷ மாதத்தில் கூடுதலாக வரும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். காலை வணக்கப் படம், சாமி படம், பண்டிகை வாழ்த்து எதையும் பிராட்காஸ்ட்டில் அனுப்ப வேண்டாம். அவற்றுக்கும் தினசரி வரும் புதுச் சரக்குக்கும் ஸ்டேட்டஸ் இருக்கிறது. 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், பார்க்க விரும்புகிறவர் மட்டும் போய்ப் பார்ப்பார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை Info பார்த்து, தொடர்ந்து நாலு செய்தி போய்ச் சேராதவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நீல டிக் விழாததை வைத்து மட்டும் யாரையும் எடுக்காதீர்கள். பலர் அந்த வசதியை அணைத்து வைத்திருப்பார்கள், படித்துவிட்டு நேரே கடைக்கு வந்து நிற்பார்கள். எடுத்தவர்களில் யாராவது மறுபடி கல்லாவுக்கு வந்தால், உங்கள் எண் அவர் கைபேசியில் என்ன பெயரில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே சேமிக்கச் சொல்லி மறுபடி சேர்த்துக்கொள்ளலாம்.